காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி கேட்டலும் பிழை திருத்தலும்

மடத்துவெளிக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு நயினாதீவு அடியார்களை ஏற்றி இறக்கும் ஓட்டோ ஒன்று அவர்களுடையது. வீட்டுச் சாமான்களை ஏற்றி வந்தபோது காப்புறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. மிஞ்சிய சிறிய காப்புறுதி அட்டையில் Sivapalan என்ற பெயர் Sivabalan என்றும், செசி இலக்கத்தின் கடைசி ஐந்து எண்கள் 40837 என்பதற்குப் பதில் 40387 என்றும் இருக்கின்றன.

வீதியில் மறிக்கும் பொலிசாருக்கு அந்த அட்டை போதியதாகத் தோன்றலாம். விபத்து நடந்தால் நிலைமை வேறு. இழப்பை மதிப்பிட வருபவர் செசி இலக்கத்தைப் பார்ப்பார். அது பொருந்தாவிட்டால், காப்புறுதி செய்யப்பட்டது இந்த வாகனமா என்ற கேள்வி எழும், கொடுப்பனவும் தடைப்படலாம்.

கடிதம் எழுத முன் வாகனத்திடம் போங்கள். செசி இலக்கம் வெட்டப்பட்ட இடத்தைத் துடைத்து, மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். அதைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். 17 எழுத்துக்களும் எண்களும் கொண்ட இலக்கங்களில் I, O, Q என்பன வருவதில்லை. ஆகவே O போலத் தெரிவது பூச்சியமே. பதிவுப் புத்தகத்திலேயே பிழை இருந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். காப்புறுதி நிறுவனம் புத்தகத்தில் உள்ளதையே பின்பற்றும்.

புத்தகம் சரியென்றால் இவ்வாறு எழுதலாம்:

முகாமையாளர் அவர்கட்கு,
பத்திர இலக்கம்: ........ வாகன இலக்கம்: ........
மேற்படி காப்புறுதிப் பத்திரத்தின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை இணைத்துள்ளேன். மூலப்பிரதி பின்னர் கிடைத்தால் தங்களிடம் ஒப்படைப்பேன்.
பத்திரத்தில் என் பெயர் Sivabalan என உள்ளது. Sivapalan என்பதே சரி. செசி இலக்கத்தின் கடைசி ஐந்து எண்கள் 40387 என உள்ளன. 40837 என்பதே சரி.
இவ்விரு திருத்தங்களையும் பத்திரம் ஆரம்பித்த திகதியிலிருந்து செல்லுபடியாகும்படி செய்து, திருத்தப் பத்திரத்துடன் இரண்டாம் பிரதியும் புதிய அட்டையும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உண்மைக் கடிதத்தில் செசி இலக்கத்தை முழுமையாக எழுதுங்கள். ‘ஆரம்பித்த திகதியிலிருந்து’ என்ற சொற்களையும் விடவேண்டாம். இல்லையேல் திருத்திய நாளுக்கு முன் நடந்த விபத்து பற்றிய கேள்வி அப்படியே நிற்கும். பிரதியை மட்டும் கேட்பதும் வீண். அது பழைய பிழையோடுதான் வரும்.

பதிவுப் புத்தகம், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் நிழற்பிரதிகளையும் பென்சில் உரசலையும் இணையுங்கள். புத்தகமும் அடையாள அட்டையும் பெயரில் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி கேட்கப்படலாம். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால்.

திருத்தம் வந்ததும் கந்தோரை விட்டு வெளியே வர முன் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து வாசியுங்கள். பத்திரத்தில் திருத்தி, அட்டையில் பழையபடி விட்டுவிடுவதும் நடப்பதுண்டு.