நீல ஒளியும் மஞ்சள் திரையும்

நம்பிக்கை: படுக்கும் முன் கைபேசியில் திரையை மஞ்சளாக்கும் ‘ஐ கம்ஃபர்ட்’ முறையை இயக்கினால், நீல ஒளி குறைந்து உறக்கம் விரைவில் வந்துவிடும்.

உண்மை: இந்த நம்பிக்கை அடிப்படையே அற்றதன்று. விழித்திரையில் காட்சிக்குரிய செல்களோடு, மெலனாப்சின் என்னும் ஒளியுணர் புரதத்தைக் கொண்ட நரம்புச் செல்கள் சிலவும் உள்ளன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியால் மிகுதியாகத் தூண்டப்படும் இச்செல்கள், ‘இது பகல்’ என்று மூளையின் உடற்கடிகாரத்துக்கு உணர்த்துவதால், இரவை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது.

இதைத் திரையோடு இணைத்துப் பேசுவோர் பெரிதும் சுட்டுவது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வை. அதில் 12 பேர் ஐந்து மாலைகள் ஐபேடிலும் ஐந்து மாலைகள் அச்சு நூலிலும் உறங்கும் முன் நான்கு மணி நேரம் படித்தனர். ஐபேட் முழு ஒளிர்விலும் அறை மங்கலாகவும் வைக்கப்பட்டிருந்தன. மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது உண்மையே. ஆயினும் உறங்கக் கூடுதலாகத் தேவைப்பட்ட நேரம் சராசரியாகப் பத்து நிமிடம் மட்டுமே. மெலடோனின் கணக்கை மட்டும் சொன்னால் அந்தப் பத்து நிமிடம் மறைந்துவிடும்.

திரையை மஞ்சளாக்கும் முறையையே நேரடியாகச் சோதித்தபோது கிடைத்த விடை இன்னும் எளியது. ஆப்பிள் கைபேசிகளில் 2016இல் வந்த ‘நைட் ஷிஃப்ட்’ வசதியை வைத்து 167 இளைஞரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், அதை இயக்கியோர், இயக்காதோர், படுக்கையில் கைபேசியையே தொடாதோர் என்ற மூன்று குழுக்களுக்கிடையே பொதுவாக உறக்கத்தில் வேறுபாடு தென்படவில்லை. போதிய நேரம் உறங்கியவர்களுள் மட்டும் கைபேசியைத் தொடாதோர் சற்று நன்றாக உறங்கினர். ஐபேடில் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வும், ஒளிர்வைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றுவது மெலடோனினைக் காக்கப் போதாது என்று காட்டியது. மெலனாப்சின் செல்களை எட்டும் ஒளியின் மொத்த அளவும் அது நீடிக்கும் நேரமும் முக்கியமானவை என்பதால், மஞ்சளான ஆனால் பளிச்சென்ற திரையை விட, இயல்பான நிறத்தில் நன்கு மங்கலாக்கப்பட்ட திரை குறைவாகவே தூண்டக்கூடும்.

திரை பார்ப்பதால் வரும் கண் எரிச்சல் உறக்கச் சிக்கலிலிருந்து வேறானது. திரையை உற்றுநோக்கும்போது இமைப்பது குறைந்து கண்ணீர்ப் படலம் உலர்வதே அதன் முதன்மையான காரணம் என்பதால், நிறத்தை மாற்றுவதால் அது தீர்வதில்லை. இரவில் மஞ்சள் திரை கூச்சமின்றி இதமாகத் தோன்றுவதாகச் சிலர் கூறுவது உண்மையாயிருக்கலாம். அது வசதியே தவிர, மருந்தன்று.

உறக்கத்துக்குத் திரும்பினால், மாலைத் திரையின் விளைவில் பகலில் பெற்ற ஒளியும் பங்குகொள்ளக்கூடும்: ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த சிறிய ஆய்வொன்றில், பகலில் ஆறரை மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்தவர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படித்தபோது, அச்சு நூல் படித்த மாலையோடு ஒப்பிட அவர்களின் மெலடோனின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.