பருத்திச் சந்தைக் கட்டணம் யார் தலையில்?

வேப்பந்தட்டைப் பகுதிக் கரிசல் நிலங்களில் புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி, தை முதல் விற்பனைக்கு வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்கும்போது சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 1 ரூபாய் சந்தைக் கட்டணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டப்படி இதனை வாங்கும் வணிகரே கட்ட வேண்டும். ஆகவே உழவருக்குச் சுமை இல்லை என்று எண்ணுகிறோம். ரசீது யார் பெயரில் உள்ளது என்பது வேறு, சுமை யார் மேல் விழுகிறது என்பது வேறு.

வணிகர் ஏலச்சீட்டில் விலையை எழுதுமுன்னரே கட்டணத்தைக் கழித்து விடுவார். முழுவதையும் கழிக்க அவரால் இயலுமா என்பதை இருவரின் நெகிழ்ச்சி தீர்மானிக்கிறது. விலை மாறும்போது வாங்கும் அளவையோ விற்கும் அளவையோ எவ்வளவு மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதே நெகிழ்ச்சி.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. கட்டணம் இல்லாவிடில் குவிண்டால் விலை ரூ.7,000. கட்டணம் ஏறக்குறைய ரூ.70. விலை 10 சதவீதம் ஏறினால், வேறு ஊர்ப் பருத்தியை நாடக்கூடிய வணிகர் கொள்முதலை 18 சதவீதம் குறைப்பார். விலை 10 சதவீதம் இறங்கினால், எடுத்த பருத்தியை வைத்துக்கொண்டு கடன் தவணையை எதிர்நோக்கும் உழவர்கள் விற்பனையை 2 சதவீதமே குறைப்பர். சுமை இதற்குத் தலைகீழாகப் பிரியும். இருபதில் 18 பங்கு உழவருக்கு, 2 பங்கு வணிகருக்கு. அதாவது உழவர் ரூ.63 இழந்து ரூ.6,937 பெறுகிறார், வணிகருக்கு அடக்கவிலை ரூ.7,007 ஆகிறது. கட்டணத்தை உழவரிடமே வசூலித்தாலும் முடிவு இதுவேதான்.

விதைப்புக்கு முன் நிலைமை வேறு. பருத்தி கட்டுபடியாகாது என்று கண்டால் மக்காச்சோளத்திற்கு மாறலாம். அப்போது 10 சதவீத விலை வீழ்ச்சிக்குப் பருத்தி வரத்து 6 சதவீதம் குறைவதாகக் கொள்வோம். உழவர் பங்கு 24இல் 18 ஆகி, ரூ.52.50க்கு இறங்கும். மாற வழியுள்ளவரிடம் சுமை தங்காது.

அறுவடைக்குப் பின்னும் ஓரளவு வழி உண்டு. கிட்டங்கியில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்றால் அன்றே விற்கும் கட்டாயம் தளர்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் ஐந்து குவிண்டாலை நிறுத்தி வைத்தால் சந்தை விலை அசையாது. பலர் சேர்ந்து செய்தாலே கட்டணப் பங்கு மாறும். வட்டியும் எடைக்குறைவும் சேமிப்பைத் தின்றுவிடக்கூடும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

இக்கணக்கு பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அரசு நிறுவனம் ஆதரவு விலையில் கொள்முதல் செய்யும்போது, தரமான பருத்திக்கு விலை அதற்குக் கீழே இறங்காது. ஆகவே கட்டணம் முழுவதும் வாங்குபவரையே சேரும்.

கடையில் நாம் வாங்குபவராக நிற்கும்போதும் இதே விதிதான். காய்ப்புழு தாக்கியபின் மருந்தைத் தள்ளிப்போட முடியாது. அதன் மீதான சரக்கு மற்றும் சேவை வரியில் பெரும்பங்கு நம்மிடமே வந்து சேரும்.