நீர்ப்பம்பி எஞ்சினுக்கு ஏற்ற பிளக்

ஹல்துமுல்லைப் பகுதியின் மலைச்சரிவுகளில் மரக்கறி பயிரிடும் கமக்காரர், மழை குறைந்த மாதங்களில் பள்ளத்து ஓடையிலிருந்து பெற்றோல் எஞ்சின் கொண்டு நீர் இறைப்பதுண்டு. இவ்வெஞ்சின்களிற் காணப்படும் ஒரு கோளாறு யாதெனில், எஞ்சின் கிளம்பிச் சிறிது நேரம் ஓடியபின் இடறி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனையிற் கரி படிந்திருக்கும். அப்பொழுது ‘சூடு கூடிய’ பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டினால் கரி நீங்கலாம்; ஆனால் பிஸ்டன் துளைபடவுங் கூடும். அதன் காரணத்தை இங்கு விளக்குவோம்.

பொறி உண்டாகும் விதம்

சிறிய பம்பி எஞ்சினின் பொறிக்குப் பற்றறி வேண்டியதில்லை. சுழலும் பாரச்சில்லின் விளிம்பிலே காந்தம் பதிக்கப்பட்டுள்ளது. அதனை அடுத்து நிற்கும் கொயிலில் இரண்டு சுருள்கள் உள. ஒன்று சற்றுத் தடித்த கம்பியாற் சில சுற்றுகளே சுற்றப்பட்டது. மற்றது மிக மெல்லிய கம்பியால் அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றப்பட்டது. காந்தம் கடந்து செல்லும்போது முதற் சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. அது உச்சத்தை அடையுங் கணத்தில் ஒரு திரான்சிஸ்டர் அதனை அறுத்துவிடும். பழைய எஞ்சின்களில் இவ்வேலையைப் ‘பொயின்ற்’ செய்தது. ஓட்டம் திடீரென அறுபட, காந்தப்புலம் ஒடுங்கி, முதற் சுருளில் 200 அல்லது 300 வோல்ற்று எழும். இரண்டாஞ் சுருளில் அது நூறு மடங்காகி, 20,000 வோல்ற்றளவுக்கு உயரும்.

பிளக்கின் முனையில் முக்கால் மில்லிமீற்றர் அளவான இடைவெளி உண்டு. அதனைத் தாண்டியே பொறி பாய்கின்றது. சிலிண்டரில் நெருக்கப்பட்ட வாயுவினூடாகப் பாய்வதற்கு, வெளிக்காற்றில் வேண்டியதைவிட மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஆதலால் வெளியிற் பொறி காட்டும் பிளக் உள்ளே தவறலாம். கரி மின்னைக் கடத்தும் பொருள். பீங்கானிற் கரி படிந்தால், மின்னழுத்தம் உயருமுன்னரே அவ்வழியாற் கசிந்துவிடும்; பொறி பிறவாது.

பொறி எரிபொருள் முழுவதையும் ஒருங்கே எரிப்பதில்லை. அது சிறு தீக்கருவொன்றை மூட்டுகின்றது. அத்தீ சுவாலையாய்ச் சிலிண்டர் முழுவதும் பரவுகின்றது. பரவுவதற்குக் காலம் வேண்டுமாகையால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஏறக்குறைய 25 பாகை முன்னரே பொறி விடப்படுகின்றது. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் எஞ்சினில் இது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்றே அதிகம். அதனால் முழுத் தள்ளுவிசையும் பிஸ்டன் உச்சியைத் தாண்டியபின் கிடைக்கின்றது.

சூட்டுத்தரம்

சூடு கூடிய பிளக் சூடான பொறியைத் தருமென்பது தவறான எண்ணம். சூட்டுத்தரம் என்பது முனையின் வெப்பம் எஞ்சின் தலைக்கு எவ்வளவு விரைவிற் கடத்தப்படும் என்பதேயாம். பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் செல்லும் வழி நீளும், முனை சூடாயிருக்கும். மூக்குக் குறுகினால் முனை குளிரும். முனை ஏறக்குறைய 500 பாகை சதமளவு சூட்டிலிருந்தால் படியுங் கரி தானே எரிந்துபோகும். 850 பாகையளவைத் தாண்டினால், பொறிக்கு முன்னரே முனை எரிபொருளைப் பற்றவைக்கும். பிஸ்டன் மேலேறும்போதே தீ அதனை எதிர்த்து அழுத்தும். பிஸ்டன் உருகித் துளைபடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 எஞ்சினுக்கு என்.ஜி.கே. பி.பி.ஆர். 6 ஈ.எஸ். என்னும் பிளக் குறிக்கப்பட்டுள்ளது. முழுச் சுமையில் அதன் முனை 750 பாகையில் நிற்கின்றதெனக் கொள்வோம். ஒரு படி மாறினால் முனையின் சூடு 70 முதல் 100 பாகை வரை மாறும். எனவே 5ஆம் எண் பிளக் எல்லையை நெருங்கும். 4ஆம் எண் பிளக் அதனைத் தாண்டிவிடும். நாற்றுமேடைக்கு மெதுவாக இறைக்கையில் இது தெரியாது. மேல்வயலுக்கு மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஏற்றும்போதே தெரியும். எஞ்சின் தட்டும் ஒலி எழுப்பும், விசை குறையும், கழற்றிய பிளக்கின் பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருக்கும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் முனை குளிர்ந்தது; சாம்பியன், பொஷ் பிளக்குகளில் எண் கூடினால் முனை சூடானது.

செய்ய வேண்டியவை

கரி படிவதற்குப் பெரும்பாலும் பிளக் காரணமன்று. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். சோக் முழுதும் திறவாதிருக்கலாம். மலையின் உயரமுங் காரணமாகும். 1,400 மீற்றர் உயரத்திற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அந்த அளவு குறையாமையாற் கலவை செறிந்துவிடுகின்றது. ஆகவே முதலில் வடிகட்டியையும் சோக்கையும் சீர்செய்க. பின்னர் காபரேற்றரில் உயரத்துக்கேற்ற சிறிய ஜெற்றைப் பூட்டுவிக்க. குறிக்கப்பட்ட எண்ணுள்ள புதிய பிளக்கைப் பூட்டி, அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் கழற்றிப் பார்க்க. பீங்கான் இளங்கபிலமாயிருந்தால் அந்த எண்ணே உங்கள் எஞ்சினுக்குப் பொருத்தமானது, அதனை மாற்றவேண்டியதில்லை.