பதிப்பெண் காக்கும் வரைபடம்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் உலக வரைபடத்தை நம்மில் பலர் அறிவோம். யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துகொண்டு அதில் திருத்தம் செய்யலாம். நமது ஹைதராபாத் நகரத்தின் தெருக்களும், கடைகளும், பஸ் நிறுத்தங்களும் அவ்வாறு பலர் கைபட்டு அதில் ஏறியவையே. ஓர் இடத்தின் பெயரைத் தமிழில் எழுதுவதற்கு `name:ta` என்றும், தெலுங்கில் எழுதுவதற்கு `name:te` என்றும் அதில் தனித்தனி இடம் உண்டு. தமிழ்ப் பெயர்களைச் சேர்ப்பதில் எனக்கு ஈடுபாடு உண்டு. நம் சங்கத்து நண்பர்கள் சிலருக்கும் உண்டு. ஒரே இடத்தை ஒரே சமயத்தில் இருவர் திருத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொல்லை எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். சார்மினார் அருகே ஒரு தேநீர்க்கடை இருப்பதாகக் கொள்வோம். வரைபடத்தில் அதன் எண் 501 என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மாணவர் அந்தப் பகுதியைத் தம் கைபேசியில் இறக்கிக்கொண்டு, இணையத் தொடர்பு இல்லாமலே ஊர் சுற்றுகிறார். கடைக்குத் தமிழ்ப் பெயரைச் சேர்க்கிறார். அதே நாள் பிற்பகல், கடை எதிர்ச் சாரிக்கு மாறிவிட்டதை ஒரு மாணவி கவனித்து, இடத்தையும் திறக்கும் நேரத்தையும் திருத்தி அனுப்பிவிடுகிறார். இரவு விடுதிக்குத் திரும்பிய மாணவரின் கைபேசி, தொடர்பு கிடைத்ததும் தன்னிடம் உள்ளதை ஸர்வருக்கு அனுப்புகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வரைபடத்தில் ஒரு பொருளைத் திருத்துவதென்றால், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதில்லை. இடம், பெயர், நேரம் யாவும் அடங்கிய முழுப் பொருளையும் அனுப்ப வேண்டும். மாணவர் தொட்டது தமிழ்ப் பெயரை மட்டுமே. ஆயினும் அவர் அனுப்பும் படியில் காலையில் இருந்த பழைய இடமும் பழைய நேரமும் சேர்ந்தே போகின்றன. ஸர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் கடை மீண்டும் பழைய சாரிக்கே போய்விடும். மாணவியின் உழைப்பு போனது மாணவருக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது. பிழைச் செய்தி எதுவும் வராது. இதனைத் தொலைந்த திருத்தம் என்பார்கள்.

ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி பூட்டி வைக்கலாமே என்று தோன்றும். வங்கிக் கணக்கில் ஒரு நொடிக்கும் குறைவாகப் பூட்டுவது சரி. கைபேசியோடு காலையில் கிளம்பியவர் இரவு வரையில் திரும்பாமல் இருக்கலாம். திரும்பாமலே போகவும் கூடும். அதுவரை சார்மினார்ப் பகுதியைப் பூட்டி வைப்பது நடவாத காரியம். ஆகவே வேறொரு முறை கையாளப்படுகிறது. பூட்டு எதுவும் போடாமல் அவரவர் வேலையைச் செய்யட்டும்; மோதல் அரிதாகத்தான் நேரும் என்று நம்புவோம்; எழுதும் தருணத்தில் மட்டும் சோதித்துக்கொள்வோம் என்பதே அம்முறை. குங், ராபின்ஸன் என்னும் இரு அறிஞர்கள் 1981ஆம் ஆண்டில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினர். இதை நம்பிக்கைப் பூட்டு என்று நாம் அழைக்கலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இது 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஏ.பி.ஐ. 0.6 நடைமுறைக்கு வந்தபோது புகுத்தப்பட்டது. அதற்கு முன்பு கடைசியில் எழுதியவர் எழுத்தே நின்றது.

முறை மிக எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பெண் ஒன்று உண்டு. திருத்தம் ஏற்கப்படும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று கூடும். பொருளை இறக்கிக்கொள்பவர் அதன் பதிப்பெண்ணையும் சேர்த்தே பெறுகிறார். திருப்பி அனுப்பும்போது, "நான் திருத்தியது இந்தப் பதிப்பை" என்று அந்த எண்ணைக் காட்ட வேண்டும். நம் கடை காலையில் 3ஆம் பதிப்பு. மாணவி 3ஐக் காட்டினார். ஸர்வரிலும் 3 இருந்தது. ஏற்கப்பட்டு 4 ஆயிற்று. இரவில் மாணவரின் கைபேசியும் 3ஐக் காட்டுகிறது. இப்போது ஸர்வர் 409 என்னும் எண்ணோடு இவ்வாறு மறுமொழி தருகிறது:

```
Version mismatch: Provided 3, server had: 4 of Node 501
```

நீ கொடுத்தது 3, என்னிடம் உள்ளது 4 என்பது பொருள். எதுவும் அழியவில்லை. பல பொருள்களை ஒரே கட்டாக அனுப்பியிருந்தால், அவற்றில் ஒன்று இப்படி மோதினாலும் கட்டு முழுவதும் திருப்பப்படும். பாதி ஏறி பாதி நிற்கும் அவலம் இல்லை.

நம் விடுதிக்கோ சங்கத்திற்கோ இத்தகைய செயலி ஒன்றை நாமே எழுதினால், தரவுத்தளத்தில் இதைச் செய்வதற்கு ஒரு கூடுதல் பத்தியும் ஒரு வாக்கியமும் போதும்:

```sql
UPDATE places
   SET name_ta = :name_ta, lat = :lat, lon = :lon,
       hours = :hours, version = version + 1
 WHERE id = :id AND version = :base_version;
```

இதில் உயிர்நாடி கடைசி வரியே. பதிப்பெண் பொருந்தினால் ஒரு வரிசை மாறும். பொருந்தாவிட்டால் பூஜ்யம் வரிசை மாறும். சிலர் முதலில் `SELECT` கொண்டு பதிப்பெண்ணைப் படித்து, சரியாக இருந்தால் பிறகு நிபந்தனை இல்லாத `UPDATE` செய்கிறார்கள். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் வேறொருவர் நுழைந்துவிடலாம். சோதனையும் எழுத்தும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருவர் ஒரே கணத்தில் வந்தால், பின்வந்தவர் முன்வந்தவர் முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு வழக்கமான அமைப்பில் நிபந்தனை புதிய வரிசையின்மீது மறுபடியும் சோதிக்கப்படும். எண் மாறிவிட்டதால் அவருக்குப் பூஜ்யமே கிடைக்கும்.

பூஜ்யம் வரிசை என்பது தரவுத்தளத்திற்குப் பிழை அன்று. அது சத்தம் போடாது. எத்தனை வரிசை மாறின என்பதை நம் நிரல்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கேளாமல் "சேமிக்கப்பட்டது" என்று திரையில் காட்டினால், இம்முறை தொலைவது மாணவருடைய தமிழ்ப் பெயர். பூஜ்யத்திற்குக் காரணம் இரண்டு: பொருள் மாறியிருக்கலாம், அல்லது நீக்கப்பட்டிருக்கலாம். அதை மறுபடி படித்துப் பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

பதிப்பெண்ணுக்குப் பதில் திருத்திய நேரத்தை ஒப்பிடலாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கைபேசிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதில்லை. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் உடையவர் எப்போதும் புதியவராகவே தோன்றுவார். மேலும் மாணவர் அனுப்பிய நேரம் மாணவியின் நேரத்திற்குப் பிந்தியதே. ஆனால் அவர் பார்த்துத் திருத்திய படி பழையது. நாம் அறிய வேண்டியது எதைப் பார்த்துத் திருத்தினார் என்பதை. அதைப் பதிப்பெண் ஒன்றே சொல்லும்.

திருப்பப்பட்ட பின் செய்ய வேண்டியது என்ன? புதிய எண் 4 என்று தெரிந்துவிட்டதே, அதைப் போட்டு அதே படியை மறுபடி அனுப்புவோம் என்று கைபேசி நினைத்தால் காவல் முழுவதும் வீணாகும். பழைய இடமே மீண்டும் ஏறும். சரியான வழிக்கு மூன்று படிகள் வேண்டும்: காலையில் இறக்கிய 3ஆம் பதிப்பு, மாணவரின் படி, ஸர்வரின் 4ஆம் பதிப்பு. ஒவ்வொரு பகுதியையும் 3ஆம் பதிப்போடு ஒப்பிட வேண்டும். தமிழ்ப் பெயரை மாணவர் மட்டும் மாற்றினார், அவருடையதைக் கொள். இடத்தையும் நேரத்தையும் மாணவி மட்டும் மாற்றினார், அவருடையதைக் கொள். கூடிய படியை 4 என்று காட்டி அனுப்பினால் 5 ஆகிவிடும்; இருவர் உழைப்பும் நிற்கும். இருவரும் ஒரே பகுதியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் மட்டும் மனிதரிடம் கேட்க வேண்டும். ஜோஸம் என்னும் வரைபடத் திருத்தி இவ்வாறுதான் நம் படி, அவர் படி, இணைந்த படி மூன்றையும் அருகருகே காட்டுகிறது. எனவே தொடர்பின்றி இயங்கும் செயலி, இறக்கிய எண்ணை மட்டுமன்றி இறக்கிய மூலப் படியையும் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். அனுப்புகிற வேளையில் எண்ணைப் புதிதாகக் கேட்டு நிரப்பக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாணவரின் படி ஏறி 5 ஆகிவிட்டது. ஆனால் "ஏற்றேன்" என்ற மறுமொழி வருமுன் தொடர்பு அறுந்தது. கைபேசி மறுபடி 4ஐக் காட்டி அனுப்புகிறது. "என்னிடம் உள்ளது 5" என்று திருப்பப்படுகிறது. மோதியது வேறு யாரோடும் அன்று, தம்மோடேதான். அந்த 5ஆம் பதிப்பை இறக்கி ஒப்பிட்டால் வேறுபாடு இராது. வேலை முடிந்தது என்று குறித்துக்கொள்ளலாம்.

இம்முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பதிப்பெண் ஒரு பொருளைத்தான் காக்கும். ஒரே கடையை இருவரும் புதிதாகச் சேர்த்தால் இரண்டு எண்களில் இரண்டு கடைகள் தோன்றும், மோதல் எழாது. வரைபடத்தில் ஒரு தெரு என்பது பல புள்ளிகளைக் கோத்த வரிசை. புள்ளியை ஒருவர் நகர்த்தினால் புள்ளியின் எண் கூடுமே தவிர, தெருவின் எண் கூடாது. ஆகவே ஒருவர் புள்ளியை நகர்த்த, மற்றொருவர் தெருவின் பெயரை மாற்ற, இருவரும் தடையின்றி ஏறிவிடுவார்கள். நம் செயலியில் எவையெல்லாம் சேர்ந்து மாற வேண்டுமோ அவற்றுக்கு ஒரே பதிப்பெண் வைப்பது நம் பொறுப்பு.

உங்கள் செயலி சரியானதா என்று அறிய விரும்பினால் இரண்டு சன்னல்களில் ஒரே பதிவைத் திறவுங்கள். முதலாவதில் நேரத்தை மாற்றிச் சேமியுங்கள். இரண்டாவதைப் புதுப்பிக்காமல் பெயரை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். மூன்றாவதாகத் திறந்து பார்க்கும்போது நேரம் பழையபடி இருந்தால், பதிப்பெண் பத்தி இருந்தும் அது காவல் காக்கவில்லை என்று கொள்க.