காலைச் சர்க்கரையும் மூன்று மாதச் சர்க்கரையும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இரவு உணவை ஆறரை மணிக்கே முடித்து, மறுநாள் பத்தரை வரை விரதமிருக்கும் ஆசிரியர்கள் சிலரை அறிவேன். சோற்றையும் பாதியாக்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார்த்து, "குறையவே இல்லையே சார்" என்கிறார்கள்.

காலைச் சர்க்கரை முந்தைய இரவு உண்டதால் மட்டும் வருவதல்ல. விடியற்காலையில் கல்லீரல் தானாக ரத்தத்தில் விடும் குளுக்கோஸும் அதில் உண்டு. எடை குறைந்து, கல்லீரலில் படிந்த கொழுப்பு கரையக் கரையத்தான் அது மெல்ல இறங்கும். சோற்றைக் குறைத்தால் பெரும்பாலும் முதலில் இறங்குவது, சாப்பிட்ட பின் ஏறும் அளவு. அதைக் காலைப் பரிசோதனை காட்டாது, எச்பிஏ1சி காட்டும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்று வகுப்பில் நடத்துகிறோமே, அந்த நாட்களில் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் கணக்குதான் இது. இரண்டு வாரத்தில் எடுத்துப் பயனில்லை.

ஒருவருக்குக் காலை அளவு 140, எச்பிஏ1சி 8 என்று கொள்வோம். மூன்று மாதம் கழித்துக் காலை அளவு 134, எச்பிஏ1சி 7. எச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும்: 183 ஆக இருந்தது 154 ஆகியிருக்கிறது. (இரும்புச்சத்துக் குறைவு உள்ளவருக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.)

கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் காலை உணவைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் பாடவேளையில் வியர்த்துக் கை நடுங்கினால் அது தாழ்சர்க்கரை. விரதத்தை அப்போதே விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.