தாள், திரை, ஒலி: நூலகப் பாடவேளையில் ஓர் ஒப்பீடு

எங்கள் பள்ளி கோவை மாவட்டத்தின் கிராமப்புறத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நூலகப் பொறுப்பும் ஒன்பதாம் வகுப்புத் தமிழும் என்னிடம். மாணவர்கள் அச்சு நூலை விரும்புகிறார்களா, கைபேசியில் வாசிப்பதையா, ஒலிநூலைக் கேட்பதையா என்று அறிய, ஒரு நூலகப் பாடவேளையில் கேள்வித்தாள் கொடுத்தேன். பெரும்பாலோர் "புத்தகம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாலையில் ஒரு மாணவி சொன்னாள்: "நீங்க நூலகத்துல நின்னு கேட்டா புத்தகம்னுதானுங்க டீச்சர் எழுதுவோம்."

அவள் சொன்னது சரி. கேட்பவர் யார், கேட்கும் இடம் எது என்பதைப் பொறுத்து விடை மாறும். புத்தகம் வழங்கும் பதிவேடும் எத்தனை நூல் வெளியே போனது என்றுதான் சொல்லும். எத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்று சொல்லாது. எனவே விருப்பத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரே பகுதியை மூன்று வழியில் கொடுத்து என்ன புரிந்தது என்று பார்க்க முடிவு செய்தேன்.

இதற்கு முன்மாதிரி உண்டு. நார்வே நாட்டில் ஆன் மாங்கன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாம் வகுப்பு மாணவர்கள் 72 பேர் இரண்டு பகுதிகளை வாசித்தார்கள். ஒன்று கதை, மற்றொன்று தகவல் கட்டுரை. ஒரு பிரிவினர் தாளிலும் மற்றொரு பிரிவினர் கணினித் திரையிலும் வாசித்தார்கள். தாளில் வாசித்தவர்களே நன்றாக விடை எழுதினார்கள். 2018இல் பாப்லோ டெல்காடோ குழுவினர் இதுபோன்ற 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது படம் இன்னும் தெளிவானது. தகவல் கட்டுரையில், அதிலும் நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது, தாள் முந்துகிறது. கதையை மட்டும் வாசிக்கும்போது தாளுக்கும் திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒலியைப் பற்றி வர்ஜீனியா கிளிண்டன்-லிசெல் 2022இல் 46 ஆய்வுகளைத் தொகுத்தார். வாசிப்பதும் கேட்பதும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு புரிதலைத் தருகின்றன. ஆனால் வாசிப்பவர் தம் வேகத்தில் நின்று, திரும்பிப் பார்த்து வாசிக்க முடிந்தால் வாசிப்பு முந்துகிறது. ஊகித்து அறிய வேண்டிய கேள்விகளிலும் அப்படியே.

இனி நம் வகுப்புக்கு வருவோம். முதலில் பகுதிகள். மூன்றும் ஒரே வகையாகவும் ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும். ஒன்று கதை, ஒன்று அறிவியல் என்று எடுத்தால் நாம் ஒப்பிடுவது ஊடகத்தை அல்ல, பாடத்தை. நான் நம்மூர்த் தண்ணீரை எடுத்துக்கொண்டேன்: நொய்யல் ஆறும் அதன் குளங்களும், சிறுவாணிக் குடிநீர், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 600 சொற்கள்.

அடுத்து குழுக்கள். மாணவர்களே ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக வாசிப்பவர்கள் புத்தகத்தின் பக்கம் போய்விடுவார்கள். பிறகு புத்தகம் வென்றதா, அவர்கள் வென்றார்களா என்று பிரிக்க முடியாது. அதனால் உரக்க வாசிக்கும் திறனை வைத்து வரிசைப்படுத்தி, சீட்டுப் பிரிப்பதுபோல அ, ஆ, இ என மூன்று குழுக்களாகப் பிரித்தேன். மூன்று வாரங்களில் குழுக்கள் இப்படிச் சுழன்றன:

முதல் வாரம், நொய்யல்: அ தாள், ஆ கைபேசி, இ ஒலி.
இரண்டாம் வாரம், சிறுவாணி: அ கைபேசி, ஆ ஒலி, இ தாள்.
மூன்றாம் வாரம், ஆழியாறு: அ ஒலி, ஆ தாள், இ கைபேசி.

இதனால் ஒவ்வொரு மாணவரும் மூன்று வழியிலும் வாசித்துவிடுகிறார். ஒவ்வொரு பகுதியும் மூன்று வழியிலும் போய்விடுகிறது.

கைபேசிகள் ஆசிரியர்களுடையவை, இருவருக்கு ஒன்றாக, முறை வைத்துக் கொடுத்தோம். அவற்றை விமானப் பயன்முறையில் வைத்தோம். இல்லாவிட்டால் இடையில் வரும் செய்தி ஒலிதான் கவனத்தைக் கலைத்தது, திரை அல்ல என்றாகிவிடும். பக்கத்தை அப்படியே படம் எடுத்துக் கொடுத்தாலும் தவறு. எழுத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் நகர்த்துவதிலேயே நேரம் போய்விடும். திரைக்கு ஏற்ற பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொடுத்தோம். ஒலிப்பதிவு என் குரலில்தான். பக்கத்து அறையில் ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டார்கள்.

முடிந்ததும் ஆறு கேள்விகள். இரண்டு நேரடியானவை, இரண்டு வரிசைப்படுத்துபவை, இரண்டு ஊகிப்பவை. நொய்யலில், "ஆறு எந்த ஆற்றோடு சேர்கிறது?" என்பது நேரடி. "மேலே உள்ள குளம் தூர்ந்துபோனால் கீழே உள்ள குளத்துக்கு என்ன ஆகும்?" என்பது ஊகம், விடை எந்த வரியிலும் இராது. கேள்விகளைப் பார்க்கும் முன், "ஆறில் எத்தனை சரியாக எழுதுவாய்?" என்பதற்கு ஒவ்வொருவரும் ஓர் எண்ணை எழுத வேண்டும். வாசித்து முடிக்க எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.

இந்த மூன்று குறிப்புகளும்தான் பயன்பட்டன: எதிர்பார்த்த எண், பெற்ற எண், நேரம். கேள்வித்தாள் குறையைச் சொன்ன அதே மாணவி, தாளில் வாசித்தபோது நான்கு எதிர்பார்த்து நான்கு பெற்றாள். கைபேசியில் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்து, ஐந்து எதிர்பார்த்து மூன்று பெற்றாள். தவறியவற்றில் இரண்டும் ஊகக் கேள்விகள். அவளுக்குப் புரியும் திறன் இருக்கிறது. கைபேசியில் விரல் வேகமாக ஓடியது. புரிந்துவிட்டது என்ற எண்ணமும் அதோடு ஓடியது. அவளிடம், திரையில் வாசிக்கும்போது பத்திக்கு ஒரு வரி குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு தாள். உரக்க வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறும் மாணவன் அவன். "அவனுக்குப் புரியாது" என்று ஆசிரியர் அறையில் நானும் சொல்லியிருக்கிறேன். தாளிலும் கைபேசியிலும் ஒன்றிரண்டுக்கு மேல் அவனால் எழுத முடியவில்லை. ஒலியில் கேட்ட வாரம், ஊகக் கேள்விகள் இரண்டுக்கும் சரியான விடை. கால்வாய் எங்கே அடைபட்டாலும் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும் என்று, எழுத்துப்பிழையோடு, தன் ஊர்க் கால்வாயைச் சொல்லி எழுதியிருந்தான். அவனுடைய சிக்கல் புரிதலில் இல்லை. எழுத்தைச் சொல்லாக்குவதில் இருந்தது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. இதற்கு நேர்மாறாக, சரளமாக வாசித்தும் மூன்று வழியிலும் ஊகத்தில் தவறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது வாசிப்பு வேகம் அல்ல, பொருள் பற்றிய உரையாடல்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வகுப்பு, ஆறு கேள்விகள் என்பதை வைத்து எந்த ஊடகம் சிறந்தது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு கேள்வி தற்செயலாகச் சரியாகிவிடலாம். ஒரு மாணவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் வேறு பகுதிகளைக் கொண்டு இன்னொரு சுற்றாவது நடத்த வேண்டும். அந்த மாணவனுக்கு நான் அப்படித்தான் செய்தேன், முடிவு மாறவில்லை.

இப்போது நூலகப் பாடவேளையில் அவன் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, அதே பகுதியைத் தாளில் விரல் வைத்துத் தொடர்கிறான். போன வாரம் பதிவை நிறுத்திவிட்டு, "அடுத்த பத்தியை நானே படிக்கிறனுங்க டீச்சர்" என்றான். நான்கு வரி படித்தான். மெதுவாகத்தான். ஆனால் படித்தது என்ன என்று கேட்டபோது, முழுதாகச் சொன்னான்.