அறிமுகக் குறிப்பை வாய்விட்டுப் படியுங்கள்

நூலின் பின்னட்டைக்கும் விழா மேடைக்கும் எழுதப்படும் அறிமுகக் குறிப்புகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நூல்களைச் செம்மை செய்யும் பதிப்பாசிரியர் ஒருவர் இந்த இதழில் பதில் தருகிறார்.

என் நூலுக்கான ஆசிரியர் குறிப்பை எழுதி, மனதுக்குள் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அது போதாதா?
*வாசகர், கும்பகோணம்*

போதாது. மனதுக்குள் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும் தேவையே வருவதில்லை. 1987 என்ற எண்ணைக் கண் ஒரே பார்வையில் தாண்டிவிடும். வாயோ ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு’ என்று மூன்று நீளச் சொற்களைச் சொல்லியாக வேண்டும். பிறந்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு, வேலையில் சேர்ந்த ஆண்டு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறீர்கள். சத்தமாகப் படியுங்கள். எந்த ஆண்டை எடுத்துவிடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாய்விட்டுப் படித்துப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் படித்தேன். நன்றாகத்தான் இருப்பதுபோல் தோன்றியது. எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே?
*வாசகி, பாளையங்கோட்டை*

நியாயமான குறை. முதலில் குறிப்பைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் கை உடனே திருத்தப் போய்விடும், படிப்பு அறுந்துவிடும். எழுந்து நின்று, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குப் படியுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். நாக்கு இடறிய சொல்லுக்கும், திரும்பிப் போய்ப் படிக்க நேர்ந்த சொல்லுக்கும் அடிக்கோடு போடுங்கள். இந்த முறை எதையும் திருத்தக் கூடாது.

இப்போது தாளைப் பாருங்கள். சாய்கோடுகள் காற்புள்ளியிலும் முற்றுப்புள்ளியிலும் விழுந்திருந்தால் கவலை இல்லை. ‘பரவலாகக் கவனிக்கப்பட்ட / நாவல்’ என்று, சேர்ந்து ஒலிக்க வேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே விழுந்திருந்தால் அந்த வாக்கியம் உங்கள் மூச்சைவிட நீளம். காற்புள்ளி இருந்தும் அங்கே நீங்கள் நிற்கவில்லை என்றால் அந்தக் காற்புள்ளி வீண். அடிக்கோடு விழுந்த சொற்களில் பாதி, ‘மேற்கொள்ளப்பட்டுவரும்’ என்பது போன்ற ஒட்டுச்சொற்களாக இருக்கும். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டுவரும் துறை’ என்பதை ‘ஆய்வு செய்யும் துறை’ என்று ஆக்கினால் நாக்கு இடறாது, பொருளிலும் ஒன்றும் குறையாது.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குறிப்பை அதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கு வாக்கியம் எங்கே போய் முடியும் என்று முன்பே தெரியும். அதற்கேற்பக் குரலை ஏற்றி இறக்கித் தன் பிழையைத் தானே மூடிவிடுவார். உங்களுக்கு ‘நன்றாகத்தான் இருப்பதுபோல்’ தோன்றியதற்குக் காரணம் அதுதான். புதியவர் தடுமாறும் இடத்தை நம்புங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் தாளைக் கையில் எடுக்காமல் கேளுங்கள்.

பதிப்பகத்தார் ஆசிரியர் குறிப்பை ஒரே பத்தியில் கேட்டார்கள். ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன். நண்பர் ‘மூச்சு முட்டுகிறது’ என்கிறார். இலக்கணப் பிழை ஏதும் இல்லையே, ஐயா? குறிப்பை இணைத்திருக்கிறேன்.
*முதல் நூல் எழுதியவர், திருவையாறு*

இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் அதுவே தப்பிக்க வழியாகிவிடக் கூடாது. நீங்கள் அனுப்பியது இது:

‘தஞ்சாவூர் மாவட்டம் திருவையாற்றில் பிறந்து, திருச்சியில் பொறியியல் படித்து, சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் 12 ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் அவ்வேலையைத் துறந்து, சொந்த ஊர் திரும்பி, இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டு, அந்த அனுபவங்களைச் சிறுகதைகளாக எழுதத் தொடங்கி, சிற்றிதழ்களில் வெளியிட்டு வரும் இவரது முதல் சிறுகதைத் தொகுப்பு இது.’

மொத்தம் 35 சொற்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லும் ‘இவரது’ 31ஆவது சொல்லாக வருகிறது. அதுவரை கேட்பவர் பிறந்ததையும் படித்ததையும் துறந்ததையும் யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறார். இதைச் சத்தமாகப் படிக்கும்போது உங்கள் குரலைக் கவனியுங்கள். பிறந்து, படித்து, பணியாற்றி, துறந்து, திரும்பி, ஈடுபட்டு, தொடங்கி என்று ஏழு வினையெச்சங்கள். ஒவ்வொன்றிலும் குரல் மேலே தூக்கியே நிற்கும், ஏனென்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. ஏழு முறையும் ஒரே ஏற்றம். இறங்கி நிற்க ஓர் இடம்கூட இல்லை. கடைசியில் இறங்கும்போது, ஒரு மனிதரைப் பற்றித் தொடங்கிய பேச்சு ஒரு புத்தகத்தில் போய் முடிகிறது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களைக் கோத்துக்கொண்டே போக மொழி இடம் தருகிறது. இடம் தருகிறதே என்று போய்க்கொண்டே இருக்கிறோம். பின்னட்டை பின்னட்டையாக இதையே பார்க்கிறேன். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சங்கள் இருக்கலாம். அவை ஒரே செயலின் அடுத்தடுத்த படிகளாக இருக்க வேண்டும். ‘வேலையை விட்டு ஊர் திரும்பி’ என்பது அப்படி ஒரே அசைவு. ‘பிறந்து, படித்து’ அப்படியல்ல. இரண்டுக்கும் நடுவே கால் நூற்றாண்டு கிடக்கிறது, அதைக் காற்புள்ளியால் ஒட்ட முடியாது.

இதைக் கேட்டதும் பலர் மறுபக்கம் பாய்ந்துவிடுவார்கள். ‘திருவையாற்றில் பிறந்தார். பொறியியல் படித்தார். சென்னையில் பணியாற்றினார். வேலையை விட்டார். ஊர் திரும்பினார்.’ இதையும் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நீளம், ஒரே முடிவு, குரல் ஒரே இடத்தில் விழுகிறது. எதுவும் எதோடும் தொடர்பில்லாமல் நிற்கிறது. வேலையை விட்டது உங்கள் வாழ்க்கையின் திருப்பம். படித்ததற்குக் கிடைத்த அதே கனம்தான் அதற்கும் கிடைக்கிறது.

நான் இப்படித் திருத்துவேன்:

‘திருவையாற்றுக்காரர். திருச்சியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். வேலையை விட்டு ஊர் திரும்பி, இப்போது இயற்கை வேளாண்மை செய்கிறார். வயலில் கண்டதையும் கேட்டதையும் சிறுகதைகளாகச் சிற்றிதழ்களில் எழுதிவருகிறார். இது இவருடைய முதல் தொகுப்பு.’

ஐந்து வாக்கியங்கள். சொற்கள் 1, 11, 8, 6, 4 என்று போகின்றன. கணக்குப் போட்டு எழுதவில்லை, வாய் கேட்டபடி வெட்டியதில் அப்படி வந்தது. நீளமான வாக்கியத்தில் பழைய வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அடுத்ததில் ‘இப்போது’ என்ற சொல்லில் குரல் தானாகவே புதிதாக எழுகிறது. கடைசி வாக்கியம் குட்டையாக இருப்பதால் ‘முதல் தொகுப்பு’ காதில் தங்குகிறது. பெயர் குறிப்புக்கு மேலேயே அச்சாகும் என்பதால் உள்ளே மறுபடி வேண்டாம். மாவட்டப் பெயரையும் எடுத்துவிட்டேன். திருவையாறு எங்கே இருக்கிறது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘நான்கு நாவல்கள் எழுதியுள்ளார், இரண்டு நூல்களை மொழிபெயர்த்துள்ளார், பல கருத்தரங்குகளில் பங்கேற்றுள்ளார்.’ மரியாதையாகத்தானே இருக்கிறது? தோழி ‘ஒரே மாதிரி ஒலிக்கிறது’ என்கிறாள்.
*கல்லூரி ஆசிரியை, மதுரை*

தோழியின் காது சரியாக இருக்கிறது. மரியாதை ‘ஆர்’ விகுதியிலேயே இருக்கிறது, ‘உள்’ளைச் சேர்ப்பதால் கூடுவதில்லை. மூன்று தகவல்களையும் ஒரே வகை வினைமுற்றில் முடிக்காமல் ஒன்றைப் பெயரில் முடியுங்கள்: ‘இதுவரை எழுதியவை நான்கு நாவல்கள். இரண்டு நூல்களை மொழிபெயர்த்திருக்கிறார்.’ கருத்தரங்கு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். எந்தக் கருத்தரங்கு என்று சொல்லாதவரை அது காதில் விழுந்தும் நிற்காது.

இயல்பாக ஒலிக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் ‘படிச்சாரு’, ‘இருக்காரு’ என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா?
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். தமிழில் எழுத்துநடைக்குத் தனி இயல்பு உண்டு. ‘வேலை பார்த்தார்’ எழுத்துநடைதான், வாய்க்கும் அது எளிது. ‘பணிபுரிந்துகொண்டிருந்தவராவார்’ என்பதும் எழுத்துநடைதான், ஆனால் எந்த வாயும் அதை விரும்பிச் சொல்லாது. பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டை. ஒரு சோதனை சொல்கிறேன். படிக்கும்போது உங்கள் வாய் தாளில் உள்ளதை விட்டு வேறு சொல்லைச் சொல்லிவிட்டால், எடுத்துக்காட்டாக ‘இயற்றியுள்ளார்’ என்ற இடத்தில் ‘எழுதியிருக்கிறார்’ என்று வந்துவிட்டால், வாய் சொன்னதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாய்தான் சரி.

நூல் வெளியீட்டு விழாவில் என்னை அறிமுகப்படுத்த ஒரு நிமிடத்துக்குக் குறிப்பு கேட்கிறார்கள். எத்தனை சொற்கள் எழுதலாம்?
*வாசகர், கோயம்புத்தூர்*

நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் போகும். மேடையில் படிப்பவர் இடையில் சற்று நிற்பார், அதனால் 80 எழுதுங்கள். ஆனால் தமிழில் சொல் கணக்கை மட்டும் நம்ப முடியாது. ‘பணியாற்றிக்கொண்டிருக்கிறார்’ ஒரே சொல், எழுத்துகள் 14. கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்ப்பதே சரியான அளவு. உங்கள் வழக்கமான வேகத்தில் 50 நொடிக்குள் முடிய வேண்டும். ஆண்டுகளையும் பட்டங்களையும் படிப்பவர் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே எழுத்தில் எழுதிக்கொடுங்கள். பெயரைத் தொடக்கத்தில் ஒருமுறையும், உங்களை அழைக்கும் கடைசி வாக்கியத்தில் ஒருமுறையும் வையுங்கள். பின்னட்டைக் குறிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே வாசகர் திரும்பிப் போய்ப் படிக்கலாம், அரங்கில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

வாங்கிய விருதுகள் எல்லாவற்றையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. தவறா?
*பெயர் வெளியிட வேண்டாம்*

பட்டியலைச் சத்தமாகப் படியுங்கள். எந்த விருதில் உங்கள் குரலே வேகமெடுத்து ஓடத் தொடங்குகிறதோ, அதிலிருந்து வெட்டுங்கள்.

வாய்விட்டுப் படித்து எல்லாவற்றையும் சரிசெய்தும் அச்சில் பிழை வந்துவிட்டது. ‘பணி’ என்பது ‘பனி’ ஆகிவிட்டது. இந்த முறையால் என்ன பயன்?
*வாசகர், நாகர்கோவில்*

இந்த முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பார்க்காத வேலையை அதன் மேல் சுமத்தியிருக்கிறீர்கள். காதுக்குத் தெரிவது நீளமும் ஓட்டமும்தான். ண, ன வேறுபாட்டைப் பலர் பேச்சில் காட்டுவதில்லை. ர, ற அப்படித்தான். நீங்கள் ‘பணி’ என்று நினைத்துக்கொண்டே படித்ததால் தாளில் ‘பனி’ இருந்தது வாய்க்குத் தெரியவில்லை. ஆண்டு தவறாக இருந்தாலும் வாய் தங்குதடையின்றிப் படித்துவிடும்.

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வாய்விட்டுப் படித்து வாக்கியங்களைச் சீர்செய்யுங்கள். எல்லாம் முடிந்தபிறகு, கடைசி வாக்கியத்தில் தொடங்கி முதல் வாக்கியம்வரை பின்னோக்கி, வாய் திறக்காமல், சொல் சொல்லாக எழுத்துப் பிழை பாருங்கள். பிழை திருத்தும்போது ஒரு வாக்கியத்தையே மாற்றி எழுத நேர்ந்தால், அந்த ஒன்றை மட்டும் மறுபடி சத்தமாகப் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.